குறும்படத்துக்கு கேள்வி எழுதுற மொழி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழி வகுப்புக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயார் பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

நானும் மொழி வகுப்பு எடுக்குற ஆள்தான். குறும்படம் போட்டு காட்டிட்டு அதுக்கப்புறம் கொடுக்குற கேள்வித்தாள் பத்தி கொஞ்சம் விரிவா பேசணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. எந்தப் படமா இருந்தாலும் கடைசியில அதே மூணு கேள்விதான் வருது. இந்தப் பாத்திரம் ஏன் இப்படி செஞ்சது, இந்தப் பொருள் எதுக்கு குறியீடு, முடிவுக்கு அப்புறம் என்ன நடந்திருக்கும். மூணுமே கேட்க வேண்டிய கேள்விதான், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா நாம கேட்குற விதத்துல கேட்டா படத்தையே பார்க்காத பிள்ளைகூட மூணுக்கும் பதில் எழுதி முழு மார்க் வாங்கிடும், அதுதான் என் வருத்தம்.

சும்மா பொதுவா சொல்லிட்டுப் போனா புரியாது, அதனால ஒரே ஒரு படத்தை எடுத்துக்குறேன். ஆல்பெர் லமோரிஸ் 1956ல எடுத்த 'சிவப்பு பலூன்'. 34 நிமிஷ படம், நிறைய மொழி வகுப்புல போடுற படம், உங்கள்ல பலர் பார்த்திருப்பீங்க. பாரிஸ்ல மெனில்மோந்தான்னு மேடும் பள்ளமும் படிக்கட்டுமா இருக்குற ஒரு பகுதி, அங்க பாஸ்கால்னு ஒரு சின்னப் பையன் பள்ளிக்கூடம் போற வழியில விளக்குக் கம்பத்துல மாட்டிக்கிட்டு இருக்குற ஒரு சிவப்பு பலூனை ஏறி அவுத்து எடுக்குறான், அந்த பலூன் அவன் பின்னாடியே வர ஆரம்பிக்குது, கடைசியில ஒரு பசங்க கூட்டம் அதை அடிச்சு உடைச்சுடுது, உடனே ஊர்ல இருக்குற மத்த பலூன் எல்லாம் பறந்து வந்து அவனைத் தூக்கிக்கிட்டு மேல போயிடுது. வசனம் ரொம்ப ரொம்ப கம்மி. அப்படி இருந்தும் திரைக்கதைக்குத்தான் ஆஸ்கார் வாங்குச்சு. அதாவது கதை முழுக்க யார் என்ன செய்றாங்கங்கறதுலயே இருக்கு, நாம கேட்குற கேள்வியும் அங்கதான் போய் நிக்கணும்.

முதல்ல பாத்திரத்தோட நோக்கம். வழக்கமா வர்ற கேள்வி: "பசங்க ஏன் பலூனை உடைச்சாங்க?" விடைக்குறிப்புல இருக்குறது: "பொறாமை." பிள்ளையும் பொறாமைன்னு எழுதும், நாமளும் டிக் போடுவோம், முடிஞ்சுது. ஆனா படத்துல நடக்குறதை கொஞ்சம் நிதானமா பாருங்க. அந்தப் பசங்க எடுத்த எடுப்புல பலூனை உடைக்கல. முதல்ல அதைப் பிடிக்கத்தான் பார்க்குறாங்க. பாஸ்கால் கேக் வாங்க ஒரு கடைக்குள்ள போற நேரத்துல வெளிய தனியா நிக்குற பலூனைப் பிடிச்சுட்டும் போயிடுறாங்க. இப்ப அது அவங்க கையில இருக்கு. பொறாமைதான் காரணம்னா, ஆசைப்பட்டது கிடைச்சுடுச்சே, விளையாட வேண்டியதுதானே? விளையாடல, அது மேல கல்லு விடுறாங்க. பாஸ்கால் அதை மீட்டுக்கிட்டு சந்து சந்தா ஓடுறான், விடாம துரத்தி வளைச்சு உண்டிகோலால அடிக்கிறாங்க. பலூன் மெதுவா சுருங்கிக் கீழ வருது, அப்பவும் விடாம ஒருத்தன் காலால மிதிக்கிறான்.

இப்ப பாருங்க, பொறாமைங்கற சொல்லு பலூனைத் திருடுனதுக்கு காரணம் சொல்லுது, மிதிச்சதுக்கு சொல்லல. அதனால நான் கேள்வியை இப்படி மாத்துவேன்: "பலூன் பசங்க கையில கிடைச்ச பிறகு அவங்க அதை வச்சு என்ன செய்றாங்க? அதைப் பார்த்தா அவங்களுக்கு வேண்டியது பலூன்தானா, வேற ஏதாவதா?" இதுக்கு படம் பார்க்காம பதில் எழுத முடியாது. ஒரு பிள்ளை "பலூன் பாஸ்கால் கூப்பிட்டா வருது, இவங்ககிட்ட வராது, கையில இருந்தும் இவங்களுதா ஆகல, அந்தக் கோவம்"னு எழுதலாம். இன்னொரு பிள்ளை "ஒருத்தன் அடிச்சதும் எல்லாரும் அடிச்சாங்க, தனித்தனியா யாருக்கும் காரணம் இல்ல, கூட்டத்துல இருந்ததாலதான்"னு எழுதலாம். ரெண்டுக்கும் காட்சியில பிடி இருக்கு. மூணாவது ஒரு பிள்ளை "படம் அந்தப் பசங்கள்ல ஒருத்தன் மனசைக்கூட நமக்குக் காட்டல, வீடு காட்டல, பேர் சொல்லல, அதனால உறுதியா சொல்ல முடியாது"ன்னு எழுதுச்சுன்னா தயவுசெஞ்சு அதுக்கு பூஜ்யம் போடாதீங்க. எங்கெங்க தேடிப் பார்த்து இல்லன்னு சொல்லுதுன்னு காட்டியிருந்தா அது நல்ல பதில். என்னைக் கேட்டா மூணுல அதுதான் கஷ்டமான பதில்.

இதுல இன்னொரு குழப்பமும் சேர்ந்து வருது. குணத்தையும் நோக்கத்தையும் நாம ஒண்ணாப் போட்டு வச்சிருக்கோம். "பாஸ்கால் ஏன் பலூனைப் பார்த்துக்கிட்டான்?" "ஏன்னா அவன் நல்ல பையன்." இது குணம். குணத்தை வச்சு எந்தப் படத்துல எந்தப் பையன் செஞ்சதுக்கும் காரணம் சொல்லிடலாம். நோக்கம் தெரியணும்னா அந்த ஆள் ரெண்டுல ஒண்ணை எடுக்க வேண்டியிருக்குற இடத்தைப் பிடிக்கணும், எதை எடுத்தான், அதுக்காக எதை விட்டான்னு பார்க்கணும். இந்தப் படத்துல அந்த இடம் ஆரம்பத்துலயே இருக்கு. பலூனோட வண்டியில ஏற விடமாட்டேங்குறாங்க. பலூனை விட்டுட்டா ஏறலாம், நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போயிடலாம். அவன் வண்டியை விட்டுட்டு பலூனோட ஓடுறான். இதைக் கேளுங்க: "அந்த இடத்துல அவன் முன்னாடி என்னென்ன வழி இருந்துச்சு, அவன் எடுத்த முடிவால அவனுக்கு என்ன நஷ்டம்?" மழை வர்ற காட்சியையும் இதோட சேர்த்துக் கேட்கலாம், பலூன் நனையக்கூடாதுன்னு தெருவுல போற முன்பின் தெரியாத பெரியவங்க குடைக்குள்ள அதைக் கொண்டு போறானே, அது. கூச்சத்தை விட்டுட்டுத்தானே ஒரு சின்னப் பையன் அப்படி செய்ய முடியும்.

அடுத்தது குறியீடு. மூணுல ரொம்ப கெட்டுப்போன கேள்வி இதுதான்னு நினைக்குறேன். "சிவப்பு பலூன் எதன் குறியீடு?" பதில் நட்பு. இல்லன்னா சுதந்திரம். இல்லன்னா குழந்தைப் பருவம். மூணுல எதை எழுதுனாலும் மார்க் உண்டு, ஏன்னா மூணும் தப்புன்னு சொல்ல முடியாது. தப்புன்னு சொல்லவே முடியாத பதில்ல பிள்ளை என்ன புரிஞ்சுக்குச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? சில பேர் நிறத்தைப் பிடிச்சுக்குவாங்க, சிவப்புன்னா ஆபத்து, சிவப்புன்னா காதல், சிவப்புன்னா ரத்தம். இதெல்லாம் படத்துக்கு வெளிய இருந்து கொண்டு வந்து ஒட்டுறது.

படத்துக்குள்ளயே நின்னு பார்க்க ஒரு நேரான வழி இருக்கு, அந்தப் பொருள் வர்ற ஒவ்வொரு இடத்துலயும் யார் அதை என்னவா நடத்துறாங்கன்னு எழுதச் சொல்றது. வண்டியில இருக்குறவருக்கு அது ஏத்தக்கூடாத சாமான். வீட்டுல இருக்குறவங்களுக்கு ஜன்னல் வழியா வெளிய தள்ள வேண்டிய ஒண்ணு, அப்படித் தள்ளியும் அது போகாம ஜன்னல் பக்கத்துலயே நிக்குது. பள்ளிக்கூடத்துல அது தொந்தரவு, அதுக்காக பாஸ்காலை ஒரு அறையில வச்சுப் பூட்டுறாங்க. பசங்களுக்கு கல்லெறிய ஒரு குறி. பாஸ்காலுக்கு மட்டும்தான் அது கூட வர்ற ஆள். இப்படி வரிசையா எழுதிப் பார்த்த பிள்ளைக்கு பலூன்னா இதுன்னு ஒத்தைச் சொல்லுல அடங்காதுன்னு தானே தெரிஞ்சுடும், நாம சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. பலூன் வந்ததால ஒவ்வொருத்தரும் எப்படிப்பட்ட ஆளுன்னு வெளிய வருதுன்னுகூட சில பிள்ளைங்க பிடிச்சுடும்.

அதுக்கப்புறம் ஒரு சோதனை வைக்கணும், என்னைப் பொறுத்தவரை இந்த மடல்ல முக்கியமான விஷயம் இதுதான். பிள்ளை ஒரு அர்த்தம் சொன்னதும், "உன் அர்த்தத்துக்கு ஒத்துவராத காட்சி ஒண்ணு கண்டுபிடி"ன்னு கேளுங்க. பலூன் நட்போட குறியீடுன்னு ஒருத்தி எழுதுறான்னு வைங்க. தெருவுல ஒரு சிறுமி நீல பலூனோட போறா, நம்ம சிவப்பு பலூன் பாஸ்காலை விட்டுட்டு அந்த நீல பலூன் பின்னாடி போகுது. நட்புன்னா ஏன் விட்டுட்டுப் போச்சு? சந்தையில பாஸ்கால் ஒரு ஓவியத்துல இருக்குற சிறுமியைப் பார்த்துக்கிட்டு நிக்குற நேரத்துல பலூன் போய் கண்ணாடியில தன்னையே பார்த்துக்குது. இதை எதுல சேர்ப்பா? இங்க அவளுக்கு ரெண்டு வழி இருக்கு. தன் அர்த்தத்தை மாத்திக்கலாம், இல்ல கொஞ்சம் விரிச்சுக்கலாம், அதாவது கட்டி வைக்காத நட்பு, போயிட்டுத் திரும்பி வர்ற நட்புன்னு. எதைச் செஞ்சாலும் அவ யோசிச்சிருக்கா. "சுதந்திரம்"னு எழுதுனவனுக்கும் இதே மாதிரி ஒரு இடறல் இருக்கு, பலூன்கிட்ட போற சக்தி இருந்தும் அது தன் விருப்பத்துலயே ஒருத்தன் பின்னாடி வருதே.

நிறம் பத்திப் பேசணும்னாலும் உள்ளயே ஆதாரம் இருக்கு. தெரு, சுவரு, பையனோட உடுப்பு எல்லாம் சாம்பலும் மங்கின நீலமுமா இருக்குறதாலதான் அந்தச் சிவப்பு கண்ணுல அடிக்குது. அதனால "சிவப்பு எதைக் குறிக்குது"ன்னு கேட்குறதுக்குப் பதிலா "பலூன் இல்லாத ஒரு ஃப்ரேமையும் இருக்குற ஒரு ஃப்ரேமையும் பக்கத்துல வச்சு என்ன வித்தியாசம்னு எழுது"ன்னு கேட்டா பிள்ளை பார்த்ததை எழுதும். அந்தச் சிறுமியோட பலூன் நீலம், அதையும் கூட வச்சுக்கலாம்.

இங்க இன்னொண்ணும் கேட்டே ஆகணும், பலூன் குறியீடா பாத்திரமா? தலைமை ஆசிரியர் பாஸ்காலைப் பூட்டி வச்சதும் பலூன் அவர் பின்னாடியே தெருவுல போய் அவரை விடாம தொந்தரவு பண்ணுது. ஒரு குறியீடு கோவப்படுமா? பாத்திரம்னு எடுத்துக்கிட்டா அதுக்கும் நோக்கம் உண்டு, அப்ப நோக்கம் பத்தின முதல் கேள்வியை பலூனுக்கும் கேட்கலாம், அது ஏன் பாஸ்கால் கூட வருது? படம் இதுக்கு எங்கயுமே காரணம் சொல்லல. இந்த ஒரு கேள்வியை வச்சே ஒரு வகுப்பு முழுக்க ஓட்டலாம், நோக்கத்துக்கு ஒரு தலைப்பு குறியீட்டுக்கு ஒரு தலைப்புன்னு தனித்தனியா கட்டம் போட்டுட்டோம்னா இது வர்றதுக்கே இடமில்லாம போயிடுது.

மூணாவது, முடிவு. "அதுக்கப்புறம் என்ன நடந்திருக்கும்? உன் கற்பனையில எழுது." இது நல்ல பயிற்சிதான், ஆனா இது படைப்பெழுத்து. படத்தைப் புரிஞ்சுக்குச்சான்னு பார்க்குற இடத்துல இதை வைக்குறது பொருந்தாது. பாஸ்கால் வானத்துல ஒரு தேவதையைப் பார்த்தான்னு எழுதுற பிள்ளைக்கும் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல, ஆனா மொழி அழகா இருந்தா முழு மார்க்.

முடிவு எதைத் திறந்து விட்டிருக்குன்னு கேட்கணும்னா முதல்ல அது எதை மூடிட்டுதுன்னு கேட்கணும். இந்தப் படம் சில விஷயத்தை நல்லாவே மூடிடுது. அந்தச் சிவப்பு பலூன் போச்சு, திரும்ப உயிரோட வரல. மத்த பலூன் எல்லாம் வருது, பல நிறம். அவன் அந்தக் கயிறுகளைப் பிடிக்குறான், கூரைகளுக்கு மேல போறான். இது வரைக்கும் பார்த்தது, இதுல கருத்து வேறுபாட்டுக்கு இடமில்ல. திறந்து இருக்குறது எது? எங்க போறான், இறங்குவானா, இழந்த ஒண்ணுக்கு வந்த பலதும் ஈடாகுமா, நடந்ததா இல்ல அவன் மனசுல நடந்ததா. இந்த ரெண்டு பட்டியலையும் பிள்ளையே பிரிச்சு எழுதட்டும். பிரிக்கத் தெரியாத பிள்ளை "சிவப்பு பலூன் திரும்ப வந்துச்சு"ன்னு எழுதும், அதை வச்சே கடைசிக் காட்சியை சரியா கவனிக்கலன்னு தெரிஞ்சுடும்.

எந்த வகுப்புலயும் ரெண்டு வாசிப்பு வரும், ஒண்ணு "இது எல்லாம் கனவு", இன்னொண்ணு "அவன் செத்துட்டான்". ரெண்டாவது வந்தா சில ஆசிரியர்கள் பதறிப்போய் அப்படியெல்லாம் இல்லன்னு மூடிடுறாங்க, வேண்டாம், அதையும் மத்ததை மாதிரியே ஆதாரம் கேட்டு நடத்துங்க. கனவுன்னு சொல்ற பிள்ளைகிட்ட: பலூனை பாஸ்கால் மட்டுமா பார்க்குறான்? இல்லையே, வண்டிக்காரர் பார்த்து தடுக்குறார், தலைமை ஆசிரியர் விரட்டப் பார்க்குறார், பசங்க கல்லு விடுறாங்க. அவன் தூங்குற மாதிரியோ முழிக்குற மாதிரியோ எங்கயாவது காட்டி இது கனவுன்னு படம் சொல்லுதா? சொல்லல. அப்ப கனவுங்கற வாசிப்பு இதையெல்லாம் தாண்டித்தான் நிக்கணும். கடைசிக் காட்சி மட்டும் அவன் மனசுல நடக்குதுன்னு சுருக்கிக்கிட்டா கொஞ்சம் பலமாகுது, ஏன்னா அதுவரைக்கும் சிவப்பு பலூனும் அந்தச் சிறுமியோட நீல பலூனும் மட்டும்தான் அப்படி நடந்துக்குச்சு, இப்ப ஊர் பலூன் எல்லாமே நடந்துக்குது, இது பெரிய தாவல். செத்துட்டான்னு சொல்ற பிள்ளைகிட்டயும் இதேதான். அவன் இறங்குறதைப் படம் காட்டல, அதனால அந்த வாசிப்பை அடியோட தள்ள முடியாது. ஆனா அவனுக்கு அடிபட்டதாவோ விழுந்ததாவோ ஒரு காட்சியும் இல்ல. இவ்வளவு தூரம் வந்து "இதுக்கு மேல படம் எனக்கு உதவல"ன்னு அந்தப் பிள்ளை நிறுத்துச்சுன்னா அதுதான் சரியான இடம்.

மார்க் போடுறது இங்கதான் மாறணும். முடிவு பத்தின கேள்விக்கு ஆறு மார்க்னு வச்சுக்குவோம். நான் பிரிச்சா, திரையில பார்த்ததைச் சரியா சொன்னதுக்கு ரெண்டு, அதுல இருந்து என்ன ஊகிச்சாங்கறதுக்கு ரெண்டு, ஊகம் எங்க நிக்குதுன்னு சொன்னதுக்கு ரெண்டு. எந்த முடிவை எடுத்தாங்கறதுக்கு மார்க்கே இல்ல. இப்படிப் பிரிச்சா மொழியும் தானா உள்ள வந்துடுது, "காட்டுறாங்க"ன்னு எழுதுற வாக்கியம் வேற, "தோணுது"ன்னு எழுதுறது வேற, "இருக்கலாம், ஆனா"ன்னு இழுக்குறது வேற. மொழி வகுப்புல நாம சோதிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தானே, அதை விட்டுட்டு எழுத்துப்பிழைக்கு மட்டும் சிவப்பு மையால சுழிச்சுக்கிட்டு இருக்கோம்.

வகுப்புல செய்யறப்ப கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு சொல் பட்டியல். படம் போடுறதுக்கு முன்னாடி பொருளோட பேரைக் கொடுங்க, விளக்குக் கம்பம், உண்டிகோல், கயிறு, குடை, சந்து, இதெல்லாம் இல்லாம மொழி புதுசா படிக்கிற பிள்ளை பார்த்ததைக்கூட எழுத முடியாம ஒரு வரியில நிறுத்திடும், நாம அதை புரியாத பிள்ளைன்னு நினைச்சுடுவோம். ஆனா தனிமை, சுதந்திரம், பொறாமை, நம்பிக்கை மாதிரி சொல்லை முன்னாடியே பலகையில எழுதாதீங்க. எழுதுனா அதுவே விடையா திரும்பி வரும், பிள்ளைங்க அதைக் குறிப்புன்னுதான் எடுத்துக்கும். படம் முடிஞ்சு, அவங்களே "தனியா இருக்குறான் இல்ல, அந்த மாதிரி"ன்னு சொல்லத் திணறுற நேரத்துல கொடுங்க.

ரெண்டாவது நேரம். 34 நிமிஷ படத்தை ஒரு பீரியட்ல போட்டுட்டு மிச்ச நேரத்துல கேள்வித்தாள் கொடுத்தா ஞாபகசக்தியைத்தான் சோதிக்கிறோம். முதல் நாள் தாள் இல்லாம முழுசா பார்க்கட்டும். தாள் கையில இருந்தா கண்ணு பாதி நேரம் தாள்லதான் இருக்கும், வசனம் இவ்வளவு கம்மியா இருக்குற படத்துல அது பெரிய நஷ்டம். அடுத்த நாள் மூணு துண்டு மட்டும் திரும்பப் போடுங்க: வண்டியில ஏற விடாத இடம், நீல பலூன் வர்ற இடம், பலூன் சுருங்கறதுல இருந்து கடைசி வரைக்கும். கேள்வி மூணும் இந்த மூணு துண்டுல இருந்தே வரட்டும்.

உங்ககிட்ட கேட்குறது இதுதான். அடுத்த முறை வினாத்தாள் எழுதுறப்ப ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல அதுக்கு எந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கணும்னு எழுதிப் பாருங்க, எழுத வரலன்னா அந்தக் கேள்வியை எடுத்துடுங்க. விடைக்குறிப்புல ஒத்தைச் சொல்லுக்குப் பதிலா, ஒண்ணுக்கொண்ணு முரணான ரெண்டு நல்ல பதிலையும் ரெண்டும் எந்தக் காட்சியில தடுமாறுதுங்கறதையும் போடுங்க. திருத்துறவங்க பல பேரா இருந்தா முன்கூட்டியே உட்கார்ந்து அதே நாலஞ்சு தாளைத் தனித்தனியா திருத்திட்டு மார்க்கை ஒப்பிட்டுப் பாருங்க, "செத்துட்டான்"னு எழுதுன தாளுக்கு ஒருத்தர் ஒண்ணும் இன்னொருத்தர் அஞ்சும் போட்டிருந்தா பிள்ளைங்க தாளைத் தொடறதுக்கு முன்னாடி அதை நமக்குள்ள பேசித் தீர்த்துக்கணும்.